நூற்றிருபது மெசேஜில் அந்த ஆறு பேர்: கூட்டம் கூடினால் எந்த ஏற்பாடு சரிவரும்?

கொளத்தூரில் என் அண்ணி ஆரி பிளவுஸ் பட்டறை வைத்திருக்கிறார். மூன்று பேர் ஃப்ரேமில் உட்கார்ந்து வேலை செய்வார்கள், தையலுக்குத் தனியாக ஒரு மாஸ்டர். ஆடி மாதத்தில் அவர் போட்ட ரீல் ஒன்று நன்றாக ஓடிவிட்டது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்றாலும் தி.நகரில் தள்ளுபடி விற்பனை நடக்கும் மாதம் அது. ஆவணிக் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்துவிட்டு பிளவுஸுக்கு ஆள் தேடும் நேரம் பார்த்து அந்த ரீல் எல்லார் போனிலும் போய் நின்றது. அதுவரை நாளுக்குப் பத்துப் பதினைந்து மெசேஜ் வந்துகொண்டிருந்த வாட்ஸ்அப்பில் நூற்றைத் தாண்டியது. இன்ஸ்டாகிராம் இன்பாக்ஸ், வாய்ஸ் நோட், மிஸ்டு கால் எல்லாம் தனி.

ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. பிசினஸ் வாட்ஸ்அப் போடு என்றார் ஒருவர், கூகுள் ஃபார்ம் வை என்றார் இன்னொருவர். ஆள் போட்டுவிடு, சாஃப்ட்வேர் வாங்கிவிடு என்று மேலும் இரண்டு பேர். எல்லாமே வேலை செய்கிற வழிகள்தான். ஆனால் எதை வைத்து எதைத் தேர்வு செய்வது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் முதலில் உட்கார்ந்து, வந்ததைப் பிரித்துப் பார்த்தோம்.

ஒரு சராசரி நாளில் வந்தவை ஏறக்குறைய 120. அதில் 50 பேர் கேட்டது விலை மட்டும். பெரும்பாலும் ஒரு ஸ்கிரீன்ஷாட், கீழே "ஹவ் மச்?" அவ்வளவுதான். 25 பேர் கடை எங்கே, கூரியர் உண்டா, "தாம்பரத்துல இருந்து வரணும், பக்கத்துல ப்ராஞ்ச் இருக்கா?" என்று கேட்டார்கள். 15 பேருக்கு ஆரி வகுப்பு வேண்டும். 10 பேர் இலவசமாகத் தைத்துக் கொடுத்தால் வீடியோ போடுகிறேன் என்பவர்கள், விளம்பரக்காரர்கள், மோசடிக்காரர்கள். புடவை, தேதி, அளவு என்று விவரத்தோடு வந்த உண்மையான புது ஆர்டர் 14. மீதி ஆறு பேர்தான் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பிளவுஸ் ரெடியா?" என்று கேட்பது அவர்கள்தான்.

அந்த ஆறைத்தான் அளவுகோலாக எடுத்துக்கொள்ளச் சொல்வேன். விலை கேட்ட ஐம்பது பேரில் பத்துப் பேருக்குப் பதில் போகாவிட்டால் வானம் இடிந்து விழாது. அவர்கள் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார்கள். பணம் கொடுத்தவர் மூன்று நாள் பதில் இல்லாமல் தவித்தால் பட்டறையின் பெயரே போகும். எனவே ஒவ்வொரு ஏற்பாட்டையும் இப்படிப் பார்க்க வேண்டும்: அந்த ஆறு பேரை அது கண்ணில் காட்டுகிறதா, பதினாலு பேருக்கு ஒரு முடிவு சொல்ல உதவுகிறதா, மீதி நூறில் எவ்வளவைக் கை படாமல் தீர்க்கிறது.

எதுவும் செய்யாமல் வேகமாகப் பதில் போடுவது

இதையும் ஒரு வழியாக எண்ணித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் செய்வது இதைத்தான். ஒரு மெசேஜுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் 120-க்கு நாலு மணி நேரம். டிசைன் வரைய வேண்டியவர் நாலு மணி நேரம் போனில் இருந்தால் ஃப்ரேமில் இருக்கும் மூன்று பேரும் அடுத்த டிசைனுக்குக் காத்திருப்பார்கள்.

நேரத்தைவிட மோசமானது வரிசை. வாட்ஸ்அப்பில் கடைசியாக மெசேஜ் போட்டவர்தான் மேலே வருவார். பொறுமையாகக் காத்திருப்பவர் கீழே கீழே போய்க்கொண்டிருப்பார், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்விக்குறி போடுகிறவர் மேலேயே நிற்பார். ஆக, நச்சரிப்பவருக்கு முதல் மரியாதை. இதில் இன்னொரு கோளாறும் உண்டு. ஆரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாட்டைத் திறந்து பார்ப்பார், அப்புறம் சொல்லலாம் என்று வைத்துவிடுவார். திறந்ததுமே அது படித்ததாகிவிடும், பச்சைப் புள்ளி போய்விடும், எதிரில் இருப்பவருக்கு நீல டிக் தெரியும். அவர் கணக்கில் இது "பார்த்துட்டும் பதில் போடலை." நம் கணக்கில் அப்படி ஒரு மெசேஜே கிடையாது. சாட்டை அழுத்திப் பிடித்து 'படிக்காதது' என்று திரும்பக் குறித்துவைக்கலாம்தான், ஆனால் கையில் ஜரிகையும் பசையும் இருக்கும்போது அதை யார் செய்வது?

விலையை வெளியில் எழுதுவது

இது தொழில்நுட்பமே இல்லை, அதனால் யாரும் இதை ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் பெரிய கூட்டமே விலை கேட்கிற ஐம்பதுதான். அதைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

தயக்கம் இருக்கத்தான் செய்யும். "விலை போட்டா பக்கத்துக் கடைக்காரங்க நூறு ரூபா குறைச்சுப் போடுவாங்க" என்பார் அண்ணி. விலையைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்ற பயம் வேறு. ஓடுகிறவர்கள் நாலு மெசேஜ் அனுப்பிவிட்டு ஓடுவதைவிடப் பார்த்தவுடனே ஓடுவது நமக்கு லாபம் என்பது என் கட்சி. ஆரியில் ஒரே விலை சொல்லவும் முடியாது. கழுத்துக்கு மட்டுமா, கைக்கும் சேர்த்தா, சில்க் த்ரெட்டா, சர்தோசியா, குந்தன் எத்தனை என்பதைப் பொறுத்து மாறும். அதனால் அண்ணி மூன்று படி வைத்தார். எளிய வேலை 1,500 ரூபாயிலிருந்து, நடுத்தரம் 3,500 முதல் 6,000 வரை, கல்யாண பிளவுஸ் 9,000-க்கு மேல். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம், பக்கத்தில் விலை, எத்தனை நாள் ஆகும் என்ற ஒரு வரி. அதை இன்ஸ்டாகிராம் பக்கத்தின் மேலே பின் செய்துவிட்டார். பிசினஸ் வாட்ஸ்அப்பின் கேட்டலாகிலும் அதே படங்கள். விலை மட்டும் கேட்பவர்கள் பாதிக்கு மேல் குறைந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்கள் "9,000-ல இந்த டிசைன் வருமா?" என்று கேட்டார்கள். அது வேறு ரகமான கேள்வி, அதற்குப் பதில் சொல்வதில் பிரயோஜனம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. "பிரைஸ் என்று கமென்ட் போடுங்கள், டீட்டெயில்ஸ் இன்பாக்ஸுக்கு வரும்" என்பது. கமென்ட் கூடினால் ரீல் இன்னும் நாலு பேருக்குப் போகும் என்பதற்காகச் செய்வது. ஆள் தேடி அலையும் காலத்தில் சரி. மெசேஜில் மூழ்கிக்கொண்டிருப்பவர் அதைச் செய்வது, வீட்டுக்குள் தண்ணீர் வரும்போது குழாயையும் திறந்துவிடுவதுதான்.

பிசினஸ் வாட்ஸ்அப்

இலவசம், அரை மணி நேரத்தில் மாற்றிவிடலாம், பழைய சாட்டும் கூடவே வந்துவிடும். முதலில் எடுக்க வேண்டியது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் எது உதவும், எது உதவாது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

நிஜமாக உதவுவது குவிக் ரிப்ளை. `/` அடித்து ஒரு சின்னச் சொல் போட்டால் முழுப் பதிலும் வந்து நிற்கும். `/addr` என்றால் முகவரி, மேப் லிங்க், கடை நேரம், ஞாயிறு விடுமுறை, கூரியர் விவரம். கடை எங்கே என்று கேட்ட 25 பேரும் பத்து நிமிடத்தில் முடிந்தார்கள். `/class` என்றால் வகுப்பு இப்போது இல்லை, தொடங்கினால் சொல்கிறோம் என்ற இரண்டு வரி.

கிரீட்டிங் மெசேஜ் என்பது முதல் தடவை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்துவிட்டுத் திரும்ப எழுதுபவருக்கும் தானாகப் போகும். நிறையப் பேர் அதில் "வணக்கம், எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி" என்று எழுதி வீணடிக்கிறார்கள். அந்த இடத்தில் நான்கு கேள்வி கேட்கலாம்: கல்யாணத் தேதி என்ன, எத்தனை பிளவுஸ், எந்தப் படி வேலை, புடவைப் படம். பதில் அனுப்புகிறவர்கள் தாங்களாகவே அந்தப் பதினாலுக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் 14 நாள் விதியை மறந்துவிடக் கூடாது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மூன்று வாரம் சும்மா இருந்த வாடிக்கையாளர் "ரெடியா?" என்று கேட்டால் அவருக்கும் "கல்யாணத் தேதி என்ன?" என்று போகும். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் பெண் வீட்டாருக்கு இதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? செட்டிங்ஸில் போய், நம் போனில் பெயர் சேமிக்காதவர்களுக்கு மட்டும் போகும்படி வைத்துவிட்டு, அட்வான்ஸ் வாங்கியவுடன் பெயரைச் சேமித்துவிட்டால் தப்பிக்கலாம்.

லேபிள் பார்க்க அழகாக இருக்கும். 'புது ஆர்டர்', 'அட்வான்ஸ் வந்தது', 'டெலிவரி' என்று வண்ண வண்ணமாக ஒட்டலாம். ஆனால் லேபிள் தானாக எதையும் நினைவுபடுத்தாது. ஒட்டுவதும் நாம்தான், போய்த் திறந்து பார்ப்பதும் நாம்தான். நாளுக்கு ஒருமுறை 'அட்வான்ஸ் வந்தது' லேபிளைத் திறக்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது வெறும் வண்ணம். அந்த ஆறு பேர் மறுபடியும் கூட்டத்துக்குள்ளேயே தொலைவார்கள்.

அதற்கு அண்ணி வீட்டில் கிடைத்த தீர்வு லேபிளைவிட எளிமையானது. இரண்டாவது நம்பர். இன்ஸ்டாகிராமில் இருப்பது ஒரு நம்பர், அதில் பிசினஸ் வாட்ஸ்அப். அட்வான்ஸ் வந்ததும் வாடிக்கையாளருக்கு வேறொரு நம்பர் கொடுக்கப்படும்: "இனிமே உங்க ஆர்டர் விஷயம் எல்லாம் இதுல பேசுங்க." அதில் சாதாரண வாட்ஸ்அப். இரண்டு செயலிகளும் ஒரே போனில் இருக்கலாம். அந்த இரண்டாவது நம்பரில் எப்போதும் முப்பது நாற்பது பேர்தான் இருப்பார்கள், நாளுக்கு ஆறேழு மெசேஜ்தான் வரும். அதற்கு மட்டும் வேறு மணி ஓசை. அது ஒலித்தால் ஊசியைக் கீழே வைக்க வேண்டும், மற்றது ஒலித்தால் மதியம் பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு சிம், அதற்கு ரீசார்ஜ். ரீசார்ஜை விட்டுவிட்டால் நாளடைவில் நம்பர் வேறொருவர் கைக்குப் போய்விடும், அதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அந்த நம்பரை யாரும் வெளியில் சொல்லிவிட மாட்டார்களா என்றால், சொல்வார்கள். அவர்கள் சொல்லி வருகிறவர் பெரும்பாலும் நல்ல வாடிக்கையாளராகவே இருப்பார், பரவாயில்லை.

இன்னொன்று. வங்கிக் கணக்கோடு இணைந்த நம்பரை ஊருக்கெல்லாம் தெரிந்த நம்பராக வைத்திருக்காதீர்கள். ரீல் ஓடினால் வருகிற பத்துக் குப்பை மெசேஜில் ஒன்றிரண்டு விஷமாக இருக்கும். ராணுவத்தில் இருக்கிறேன், பத்து பிளவுஸ் வேண்டும், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும் என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். காப்புரிமைப் புகார் வந்திருக்கிறது, உடனே இந்த லிங்கில் லாகின் செய்யுங்கள் என்று இன்ஸ்டாகிராம் பெயரில் வருவதும் இதே ரகம்தான். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுவிட வேண்டும்.

கூகுள் ஃபார்ம்

படித்த பிள்ளைகள் முதலில் சொல்வது இதைத்தான். நியாயமும் இருக்கிறது. தேதி, எண்ணிக்கை, பட்ஜெட், முகவரி எல்லாம் ஒரே ஷீட்டில் வரிசையாக வந்து விழும். யார் முதலில் கேட்டார், யார் தேதி நெருக்கம் என்று ஒரு பார்வையில் தெரியும். வாட்ஸ்அப்பில் நச்சரிப்பவருக்குக் கிடைக்கும் முன்னுரிமை இங்கே கிடைக்காது. ஆர்டர் போதும் என்றால் ஃபார்மை மூடிவிட்டு "தை முகூர்த்த ஆர்டர் கார்த்திகையில் திறக்கும்" என்று எழுதிவைக்கலாம்.

சிக்கல் நிரப்புகிறவர்களிடம் இருக்கிறது. கல்யாண பிளவுஸில் டிசைனைத் தேர்வு செய்வது பெண். பணம் கொடுப்பதும், அளவு ஜாக்கெட்டோடு ஆட்டோவில் வந்து இறங்குவதும் அம்மா. ஐம்பத்தைந்து வயது அம்மா ஃபார்ம் நிரப்ப மாட்டார், போன் செய்வார். எடுக்கவில்லை என்றால் வாய்ஸ் நோட் போடுவார். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு கடை பார்ப்பார். ஃபார்மை மட்டுமே வாசலாக வைத்தால், பொழுதுபோக்காக விலை கேட்பவர்களோடு சேர்த்துக் கையில் பணத்தோடு வந்தவரையும் திருப்பி அனுப்பியதாகிவிடும்.

படம் சேர்க்கும் வசதி வைத்தால் இன்னொரு தடை வருகிறது. கோப்பு ஏற்றும் கேள்வி ஒன்று இருந்தாலே நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் லாகின் ஆகியிருக்க வேண்டும். பாதிப் பேர் அந்த இடத்தோடு நின்றுவிடுவார்கள். அதனால் ஃபார்மில் எழுத்து மட்டும், படம் வாட்ஸ்அப்பில் என்று பிரிப்பது நல்லது. அண்ணி இப்போது ஃபார்மை வகுப்புக் கேட்டவர்களுக்கு மட்டும் வைத்திருக்கிறார். `/class` பதிலிலேயே அந்த லிங்கையும் சேர்த்தாயிற்று. அவசரமில்லாத, ஒரே மாதிரியான, பின்னால் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளக்கூடிய கோரிக்கைக்கு ஃபார்ம் கச்சிதம்.

ஆள் போடுவது

தெருவிலேயே பி.காம் முடித்த பெண் ஒருத்தி, மதியம் மூன்று மணி நேரம் வர மாதம் 9,000 கேட்டாள். மாதத்துக்கு ஒரு கல்யாண பிளவுஸின் விலை. அண்ணிக்கு நாளில் இரண்டரை மணி நேரம் திரும்பக் கிடைத்தால் அந்தக் காசு வந்துவிடும் என்பது சரியான கணக்குதான். பிசினஸ் வாட்ஸ்அப்பைப் போன் தவிர நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம் என்பதால் பழைய லேப்டாப்பே போதும். வாய்ஸ் நோட்டைக் கேட்டு எழுதிவைக்கவும், ஐம்பத்தைந்து வயது அம்மாவைத் திரும்ப அழைத்துப் பேசவும் எந்தச் செயலியாலும் ஆகாது. அதை ஒரு மனிதர்தான் செய்ய வேண்டும்.

தவறு நடக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான், தேதி. புதிதாக வந்தவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வராது. "பத்தாம் தேதிக்குள்ள முடியுமா?" என்றால் "முடியும் ஆன்ட்டி" என்று சொல்லிவிடுவார். மெசேஜ் தீர்ந்திருக்கும், வேலை குவிந்திருக்கும். இது நடக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் சுலபம்: ஆர்டர் நோட்டில் அட்வான்ஸ் இல்லாமல் தேதி மட்டும் எழுதிய வரி இருந்தால் வாக்குறுதி வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதனால் ஆள் போட்டால் அவருக்கு ஒரே விதி. விலைப் படி சொல்லலாம், முகவரி சொல்லலாம், என்ன வேண்டும் என்று கேட்டு எழுதலாம். தேதி மட்டும் அண்ணி வாயிலிருந்துதான் வர வேண்டும். அப்புறம், லேப்டாப்பில் இணைப்பது பொது நம்பரை மட்டும். அளவுக் குறிப்பும் வீட்டு முகவரியும் இருக்கும் ஆர்டர் நம்பர் அண்ணி போனிலேயே இருக்கட்டும்.

சாஃப்ட்வேர் வாங்குவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே நம்பரில் பத்துப் பேர் உட்கார்ந்து பதில் சொல்லும் வசதி, யார் எதை எடுத்தார் என்ற பதிவு, இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஒரே திரையில். மாதச் சந்தா கட்டினால் இதெல்லாம் கிடைக்கும். நாலைந்து பேர் பதில் சொல்லும் கடைக்கு இது தேவைதான். மூன்று ஃப்ரேம் பட்டறைக்கு அதிகம். அதைவிட, கைவேலைக்காரர்களுக்கு ஒத்துவராத ஒரு விதி அதில் இருக்கிறது. இந்த சாஃப்ட்வேர்கள் ஓடுவது வாட்ஸ்அப்பின் பிசினஸ் ஏபிஐ என்ற சேவையில், அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரத்துக்குள்தான் நம் இஷ்டப்படி பதில் எழுத முடியும். அதற்கு மேல் போனால் முன்பே ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் மெசேஜைத்தான் அனுப்ப வேண்டும், 2025 ஜூலை முதல் அதற்கு மெசேஜ் ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். புடவைப் படம் பார்த்து, கல் விலையைச் சௌகார்பேட்டையில் விசாரித்து, இரண்டு நாள் கழித்து "இது 11,500 ஆகும்" என்று சொல்கிற தொழிலுக்கு இது தொல்லை.

ஆர்டர் எடுப்பதற்கு அளவு வைப்பது

இதுவரை சொன்ன எல்லாம் நூறைக் குறைப்பதற்கும் ஆறைக் காப்பாற்றுவதற்கும்தான். அந்தப் பதினாலு பேரை என்ன செய்வது? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

மூன்று பேர், மாதத்துக்கு 25 வேலை நாள். மொத்தம் 75 ஆள்நாள். கல்யாண பிளவுஸ் ஒன்றுக்கு ஆறு ஆள்நாள், நடுத்தர வேலைக்கு இரண்டு. மாதத்துக்கு ஆறு கல்யாண பிளவுஸ் எடுத்தால் 36, பதினெட்டு நடுத்தரம் எடுத்தால் 36, ஆக 72. மிச்சம் மூன்று நாள் திருத்த வேலைக்குப் போய்விடும். மொத்தத்தில் 24 பிளவுஸ். உண்மையான கோரிக்கையோ நாளுக்கு 14, மாதத்துக்கு 420. பத்தில் ஒருவர் சரி என்றாலும் 42 பேர். எவ்வளவு நன்றாகப் பதில் சொல்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வழிந்துவிடும். வேகமாகப் பதில் போட வைக்கும் எந்த ஏற்பாடும் தனியாக உதவாது என்று நான் சொல்வது இதனால்தான்.

அதனால் பட்டறைச் சுவரில் ஒரு சார்ட். ஒவ்வொரு வாரத்துக்கும் எத்தனை ஆள்நாள் மிச்சம் என்று பென்சிலில் எழுதியிருக்கும். அட்வான்ஸ் பாதிப் பணம் வந்தால்தான் அதிலிருந்து கழிக்கப்படும். தேதி என்றால் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு ஆரி முடிய வேண்டும், அதன் பிறகுதான் தையல், ட்ரையல், திருத்தம் எல்லாம்.

இது எப்படி உதவுகிறது என்பதற்கு ஒரு அழைப்பைச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து ஒரு அம்மா. ஆவணி முகூர்த்தம், நாலு வாரத்தில் கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று, நிச்சயத்துக்கு ஒன்று என மூன்று பிளவுஸ். முதல் இரண்டும் கல்யாண வேலை, மூன்றாவது நடுத்தரம். ஆறும் ஆறும் இரண்டும் பதினாலு ஆள்நாள். சார்ட்டில் அவர் தேதிக்குள் மிச்சம் இருந்தது பதினொன்று. முன்பு என்றால் "பார்க்கலாம் ஆன்ட்டி" என்று சொல்லி வாங்கிவைத்து, கடைசி வாரம் ராத்திரி முழுக்க லைட் போட்டு வேலை நடக்கும். இந்தத் தடவை அண்ணி போனிலேயே சொன்னார்: "மூணும் எடுக்கலாம்மா. ரிசப்ஷன் பிளவுஸுக்குக் கை மட்டும் வேலை வச்சுக்கலாம், கழுத்துல லைன் போதும். புடவையே கிராண்டா இருக்குன்னு சொல்றீங்களே." பத்து ஆள்நாளில் அடங்கியது. அந்த அம்மா யோசித்துவிட்டுச் சரி என்றார், அன்று சாயந்திரமே அட்வான்ஸ் வந்தது. இரண்டாவது நம்பர் கொடுக்கப்பட்டது.

சார்ட் நிறைந்துவிட்டால் பொது நம்பரில் தானாகப் பதில் சொல்லும் அவே மெசேஜை எப்போதும் போகும்படி வைத்துவிடலாம்: "ஆவணி, புரட்டாசி ஆர்டர் நிறைந்துவிட்டது. ஐப்பசி முகூர்த்தத்துக்கு மட்டும் எடுக்கிறோம்." இது போனில் நெட் இருந்தால்தான் போகும் என்பதால் இரவில் டேட்டாவை அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

இதற்கும் விலை உண்டு. நிறைந்துவிட்டது என்று பலகை மாட்டினால் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். "மாம்பலம் சித்தி சொல்லி வரேன், எனக்குமா இல்லை?" என்று ஒரு குரல் வாரம் தவறாமல் வரும். அதற்காக மாதத்துக்கு நாலு ஆள்நாளைத் தனியாக ஒதுக்கிவைக்கும்படி ஆனது. அதாவது நடுத்தர வேலையில் இரண்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் தொழில் செய்கிறவர்களுக்கு இதைத் தவிர்க்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

யாருக்கு எது

அண்ணிக்கு முடிவானது இது: வெளியில் விலை, பொது நம்பரில் பிசினஸ் வாட்ஸ்அப், அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இரண்டாவது நம்பர், சுவரில் சார்ட். முதல் இரண்டு வாரம் இவ்வளவுதான். மெசேஜ் குறையவில்லை என்றால் ஆள் போடலாம் என்று அந்தப் பெண்ணிடம் பொறுத்திருக்கச் சொன்னோம். ரீலின் சூடு ஆறியதும் நாளுக்கு ஐம்பதில் வந்து நின்றதால் ஆள் தேவைப்படவில்லை. தை மாதத்துக்குத் தேவைப்படலாம்.

வேலை வேறாக இருந்தால் முடிவும் மாறும். முறுக்கு, அதிரசம் என்று தீபாவளிக்குச் செய்து விற்பவருக்குத் தேதி பேரம் கிடையாது, எல்லாருக்கும் ஒரே நாள், ஒரே விலைப் பட்டியல். அவருக்கு ஃபார்ம் அற்புதமாக வேலை செய்யும், எண்ணிக்கை நிறைந்ததும் மூடிவிடலாம். பாட்டு வகுப்போ யோகா வகுப்போ எடுப்பவருக்கும் அப்படியே. வீட்டுக்கு வந்து ஏசி சரிசெய்பவருக்கு ஃபார்ம் உதவாது. அவருக்கு வருவதெல்லாம் அவசர அழைப்பு, போனை எடுத்துப் பேச முதல் நாளிலிருந்தே ஒரு ஆள் வேண்டும். இரண்டாவது கிளை திறந்து, அங்கேயும் இங்கேயும் பதில் சொல்ல நாலு பேர் என்று ஆனால் அப்போது சாஃப்ட்வேர் பற்றி யோசிக்கலாம்.

எந்த ஏற்பாடு செய்தாலும் அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்கப் பதில் போன மெசேஜை எண்ண வேண்டாம். வாரக் கடைசியில் ஆர்டர் நம்பரைத் திறந்து, பதில் போகாமல் இருப்பதில் மிகப் பழையது எது என்று மட்டும் பாருங்கள். அது நேற்றையது என்றால் தொடரலாம். மூன்று நாளைக்கு முந்தியது என்றால் சார்ட்டில் ஏதோ ஒரு வாரம் நிறைந்த பிறகும் ஆர்டர் எடுத்திருக்கிறீர்கள், அந்த வாரத்தைத் தேடிப்பிடித்து அந்த வாடிக்கையாளரை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள்.